பின்தொடர்வில் விடுபட்டவர்களை எப்படி எழுதுவது?

வணக்கம். எங்கள் கோஹார்ட் ஆய்வை இதழுக்கு அனுப்பும் முன் அவதானிப்பு ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலின் 22 அம்சங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கும் 13-ஆவதில் மாட்டிக்கொண்டேன். சேர்த்தது 412 பேர், பகுப்பாய்வில் இருப்பது 341 பேர். 48 பேர் பின்தொடர்வில் விடுபட்டார்கள், 23 பேருக்குப் புகைப்பழக்கத் தகவல் இல்லை. வரைவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! சரி, ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிக்கையையும் காரணத்தோடு படமாகப் போட்டுவிட்டேன்.

சிக்கல், விடுபட்டவர்களைப் பகுப்பாய்வில் எப்படிக் கையாண்டோம் என்று கேட்கும் 12-இன் ‘டி’ பிரிவில். விடுபட்ட 48 பேரில் 30 பேர் ஒரு முறையாவது பரிசோதனைக்கு வந்தவர்கள். அவர்களை முழுதாக நீக்கியது தவறு என்றே தோன்றுகிறது. கடைசியாக வந்த நாள்வரை அவர்கள் காலத்தைக் கணக்கில் சேர்த்து காக்ஸ் மாதிரியை மறுபடி ஓட்டலாமா? நோய் முற்றியதால் வராமல் போயிருந்தால் அதுவும் முடிவைச் சாய்த்துவிடுமே. விடுபட்டவர்களின் தொடக்கநிலை வயதையும் நோய்த் தீவிரத்தையும் மற்றவர்களோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை தந்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.