வரவு ஒன்றும் தாமதமில்லை, கணக்கிலும் மீதி இருந்தது. ஆனாலும் 18 பம்பு எப்படிக் குறைந்தது?

பம்புசெட் விற்பனை (கேள்வி)

வணக்கம். கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டீலர் போன் செய்தால் எத்தனை தரமுடியும், எந்தத் தேதிக்கு என்று சொல்வது என் பொறுப்பு.

5 எச்.பி. போர்வெல் பம்பில் வந்த சிக்கல் இது. ஜூன் 2 காலையில் கையிருப்பு 60. எங்கள் அசெம்பிளியில் இருந்து 16-ஆம் தேதி 30, 30-ஆம் தேதி 50 வர வேண்டியது. ஏற்கனவே எடுத்த ஆர்டர்கள்: 5-ஆம் தேதிக்கு 20, 11-க்கு 15, 18-க்கு ஒரு சொட்டுநீர் ஒப்பந்தக்காரருக்கு 45, 26-க்கு 10, ஜூலை 7-க்கு 15.

டேலியில் `Reorder Status` ரிப்போர்ட்டைத் திறந்து `Nett Available` பார்த்தேன். 35 என்று காட்டியது. கையிருப்பும் வரவும் சேர்த்து 140, ஆர்டர் மொத்தம் 105, ஆக 35 சரிதான். அதை நம்பி ஈரோடு டீலருக்கு ஜூன் 9-ல் 18 தருவதாகச் சொல்லி அனுப்பியும் விட்டோம்.

18-ஆம் தேதி ஒப்பந்தக்காரருக்கு 45 ஏற்ற வேண்டிய இடத்தில் 37தான் இருந்தது. 26-ஆம் தேதி ஆர்டருக்கு ஒன்றுகூட இல்லை. மொத்தம் 18 குறைவு. 16-ஆம் தேதி வரவு சொன்ன நாளிலேயே வந்துவிட்டது. யாரும் தாமதம் செய்யவில்லை. அப்புறம் எங்கே தப்பு?

ஸ்டோர்ஸ் கணக்கு

தம்பி, வராத சரக்கைச் சேர்த்துக் கணக்குப் போட்டதுதான் வினை. 30-ஆம் தேதி வரப்போகும் 50-ஐ நம்பி 9-ஆம் தேதி எப்படிக் கொடுப்பது? நான் சேல்ஸ்காரர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். அடுத்த லோடு வரும்வரை கையில் உள்ளதை மட்டும் பார். அதில் அதற்குள் போக வேண்டிய ஆர்டரைக் கழி. உங்களுக்கு 60-ல் 20-ம் 15-ம் போனால் 25. அதுதான் 16-ஆம் தேதிவரை நீங்கள் விற்கக்கூடியது. 35 என்பது காகிதக் கணக்கு.

பம்புசெட் விற்பனை

அண்ணா, அப்படிப் பார்த்தாலும் 25 இருக்கிறதே. நான் கொடுத்தது 18தான். உங்கள் கணக்குப்படி போயிருந்தாலும் இதே குறைவு வந்திருக்குமே?

ஹார்டுவேர் கடை

உங்கள் மினிமம் ஸ்டாக் அளவு குறைவாக இருக்கிறது. 5 எச்.பி.க்கு ரீஆர்டர் லெவலை 80 என்று வைத்துவிடுங்கள், இந்தத் தலைவலியே வராது. எங்கள் கடையில் ஓடுகிற ஐட்டம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

உற்பத்தித் திட்டம்

ரீஆர்டர் லெவல் என்பது எப்போது வாங்குவது என்ற கேள்விக்கு. இவர் கேட்பது, இருப்பதிலும் வரப்போவதிலும் யாருக்கும் சொந்தமில்லாதது எத்தனை, அது எந்தத் தேதியில் என்று. அவர் பார்த்த ரிப்போர்ட்டும் வாங்குபவருக்கான ரிப்போர்ட்தான். அந்த வேலைக்கு 35 சரியான பதில். ஆனால் அதில் தேதி கிடையாது. டீலருக்குத் தேதி சொல்ல அதை எடுக்கக் கூடாது.

ஸ்டோர்ஸ் அண்ணா சொன்னதில் பாதி சரி. பின்னால் வரும் சரக்கை முன்னால் கொடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அடுத்த லோடோடு பார்வையை நிறுத்திவிட்டார். அந்த லோடு தன் காலத்து ஆர்டர்களுக்குப் போதுமா என்றும் பார்க்க வேண்டும். 16-ஆம் தேதி வருவது 30. அதற்கும் அடுத்த லோடுக்கும் இடையில் போக வேண்டியது 45-ம் 10-ம் சேர்ந்து 55. அந்த 25 பற்றாக்குறையை எதிலிருந்து நிரப்புவீர்கள்? இன்று கையில் மீதி என்று தெரிகிற அதே 25-இல் இருந்துதான். ஆக அந்த 25-க்கும் ஏற்கனவே ஆள் இருக்கிறது. ஜூன் 2 அன்று ஈரோடு டீலருக்கு உடனே தரக்கூடியது பூஜ்யம்.

தேதி வரிசையில் ஓடும் இருப்பை எழுதினால் கண்ணுக்கே தெரியும்:

```
வரி  தேதி      வரவு/ஆர்டர்   ஓடும் இருப்பு   தரக்கூடியது
2    ஜூன் 2      +60            60               0
3    ஜூன் 5      -20            40               0
4    ஜூன் 11     -15            25               0
5    ஜூன் 16     +30            55               0
6    ஜூன் 18     -45            10               0
7    ஜூன் 26     -10             0               0
8    ஜூன் 30     +50            50              35
9    ஜூலை 7      -15            35              35
```

‘தரக்கூடியது’ என்ற கடைசிப் பத்தியின் விதி இதுதான்: ஒரு தேதியில் புதிதாகத் தரக்கூடியது, அந்தத் தேதி முதல் கடைசி வரை ஓடும் இருப்பு தொடுகிற மிகக் குறைந்த அளவு. இன்று 60 இருக்கிறது, 16-ஆம் தேதி 55 இருக்கும் என்பதெல்லாம் பயன்படாது. 26-ஆம் தேதி பூஜ்யத்தைத் தொடுகிறது. அதற்கு முன்னால் ஒன்றை எடுத்தாலும் அங்கே ஒன்று குறையும். நீங்கள் 18 எடுத்தீர்கள், 18 குறைந்தது.

எக்செல்லில் வரவு/ஆர்டர் B பத்தியிலும் ஓடும் இருப்பு C-யிலும் இருந்தால்:

```
C2:  =B2
C3:  =C2+B3
D2:  =MIN(C2:C$500)
```

C3-யையும் D2-வையும் தரவு முடியும் வரி வரை கீழே இழுத்துவிடுங்கள். புது ஆர்டர் வந்தால் தேதிப்படி வரிசைப்படுத்திவிட்டு C3-யிலும் D2-விலும் அதே ஃபார்முலாவை மறுபடி எழுதிக் கீழே இழுக்க வேண்டும். ஒரே தேதியில் வரவும் ஆர்டரும் இருந்தால் ஆர்டரை மேலே வையுங்கள். லோடு மாலையில்தான் வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மருந்து மொத்த வியாபாரம், மதுரை

எங்களுக்கும் இதே வேதனைதான், ஆனால் காரணம் வேறு. இரண்டு ரெப்புகள் ஒரே காலையில் ஒரே ஸ்டாக்கைப் பார்த்து இரண்டு கடைக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள். யார் பில் முதலில் போட்டாரோ அவருக்குச் சரக்கு, மற்றவருக்குத் திட்டு. அது தவிர, கையில் 40 பெட்டி என்று காட்டும், அதில் 15 பெட்டிக்குக் காலாவதி நெருங்கியிருக்கும், கடைக்காரர் வாங்கமாட்டார். ஷீட் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் முதல் வரியில் உள்ள கையிருப்பே பொய் என்றால் என்ன செய்வது?

எஸ்டி மாட்யூல்

நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதற்கு சாப் (SAP) மென்பொருளில் ஒரு தனி இடமே உண்டு. எந்த இருப்பை, எந்த வரவைக் கணக்கில் சேர்ப்பது என்பதை `OVZ9` திரையில் டிக் செய்து வைப்போம். ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்த சரக்கும் அதில் சேர்ந்திருந்தது. ஆர்டர் போடும்போது சிஸ்டம் தேதி கொடுத்துவிடும். டெஸ்பாட்ச் அன்று போய்ப் பார்த்தால் சரக்கின் மேல் பரிசோதனைச் சீட்டு ஒட்டியிருக்கும். டிக்கை எடுத்த பிறகுதான் அடங்கியது. சந்தேகம் வந்தால் `CO09` திறந்து வரிவரியாகப் பாருங்கள், எது சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வரவுத் தேதியிலும் இதே ஓட்டை உண்டு. லாரி கேட்டுக்குள் வரும் தேதி வேறு, விற்கத் தயாராகும் தேதி வேறு. சாப்பில் அந்த இடைவெளி நாட்களை மெட்டீரியல் மாஸ்டரில் கொடுத்து வைத்தால் அதுவே தள்ளிக் கணக்கிடும். எக்செல்லில் நீங்கள்தான் தள்ளிப் போட வேண்டும்.

பம்புசெட் விற்பனை

ஷீட்டைப் போட்டுப் பார்த்தேன். ஈரோடு டீலரின் 18-ஐ ஜூன் 9-ல் நுழைத்ததும் 18-ஆம் தேதி வரியில் -8, 26-ல் -18 என்று வந்து நிற்கிறது. இதை ஜூன் 2 அன்றே பார்த்திருந்தால் வாக்குக் கொடுத்திருக்க மாட்டேன். ரொம்ப நன்றி.

30-ஆம் தேதி 50 என்பது அசெம்பிளி முடியும் தேதி. டெஸ்டிங், பேக்கிங்குக்கு இன்னும் இரண்டு நாள். அப்படியானால் அந்த வரியை ஜூலை 2 என்று மாற்றிவிடலாமா?

இன்னொன்று. மேனேஜர் சொல்கிறார், இப்படி எல்லோருக்கும் பூஜ்யம் பூஜ்யம் என்று சொன்னால் டீலர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார் என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உற்பத்தித் திட்டம்

மாற்றியே ஆக வேண்டும். 16-ஆம் தேதி வரவும் அப்படித்தானா என்று பாருங்கள். அது 18-ஆம் தேதிக்கு மேல் தள்ளிப்போயிருந்தால் 45-க்கு அப்போதே ஆபத்து வந்திருக்கும். தேதி தாண்டியும் வராத வரவை அதே வரியில் விட்டுவைக்காதீர்கள். ஜூன் 16 என்று எழுதியது 20-ஆம் தேதியும் வராமல் இருந்தாலும் ஷீட் அது வந்ததாகவே கூட்டிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் இன்றைக்கு முந்தைய தேதியில் நிற்கும் வரவுகளை அசெம்பிளியிடம் கேட்டுப் புதுத் தேதி போடுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

மேனேஜருக்குப் பதில்: பூஜ்யம் என்று சொல்லி போனை வைக்கச் சொல்லவில்லை. ஷீட் எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். தடுப்பது அந்த 45. ஒப்பந்தக்காரருக்கு 45-ம் ஒரே நாளில் குழியில் இறங்கப் போவதில்லை. 18-ஆம் தேதி 30 எடுத்துக்கொள்ளுங்கள், மீதி 15 ஜூலை 3 என்று அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் ஒத்துக்கொண்டால் மிகக் குறைந்த இருப்பு பூஜ்யத்திலிருந்து 15-க்கு ஏறும். ஈரோட்டுக்கு ஜூன் 9-ல் 15, மிச்சம் 3 ஜூலையில். ஆனால் முதலில் ஒப்பந்தக்காரரின் சம்மதம், அப்புறம்தான் ஈரோட்டுக்கு வாக்கு. சம்மதத்தை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கி, ஆர்டர் தேதியையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்டோர்ஸ் கணக்கு

பின்னால் உள்ள பற்றாக்குறையை நான் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. எங்களிடம் 45 என்று ஆர்டர் போட்டவர் சொன்ன தேதியில் எடுப்பதே அபூர்வம். பணம் வரவில்லை, போர் போடவில்லை என்று இரண்டு வாரம் தள்ளுவார். அவருக்காகச் சரக்கைப் பூட்டி வைத்துவிட்டு, காசு கையில் வைத்திருக்கும் டீலரைத் திருப்பி அனுப்புவதா?

உற்பத்தித் திட்டம்

அதற்கு என்னிடம் ஒரே வரியில் பதில் இல்லை அண்ணா. தள்ளுவார் என்று ஊகித்து எடுத்துக் கொடுத்தால், தள்ளாத மாதம் மாட்டிக்கொள்வோம். நான் செய்வது, எடுக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் போன் செய்து உறுதி கேட்பது. முன்பணம் வராத ஆர்டரின் தேதியை அன்றே தள்ளி எழுதுவேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

மருந்து மொத்த வியாபாரம், மதுரை

ரெப்புகள் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கொட்டேஷன் கொடுத்த அளவையும் ஷீட்டில் கழித்துக் காட்டலாமா?

எஸ்டி மாட்யூல்

கழித்தால் பாதிக் கொட்டேஷன் ஆர்டராகாது, சரக்கு சும்மா கிடக்கும். கழிக்காவிட்டால் நீங்கள் சொன்ன சண்டை. 24 மணி நேரத்துக்கு மட்டும் பிடித்து வைத்து, அதற்குள் ஆர்டர் வராவிட்டால் விடுவிக்கிற முறையைச் சிலர் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஷீட் ஒருவர் கையில் இருக்க வேண்டும், ரெப்புகள் எல்லோரும் அவரிடம் கேட்டுத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். உங்களிடம் எத்தனை ரெப்புகள்?

பம்புசெட் விற்பனை

26-ஆம் தேதி 10 கேட்டவரிடம் இப்போதுதான் பேசினேன். ஜூலை 2 வரை காத்திருக்கிறேன் என்றார். ஒப்பந்தக்காரர் மீதி 8-க்கு இன்னும் பிடிகொடுக்கவில்லை, சாயங்காலம் நேரில் போகிறேன். அந்த 18-ஐயும் ஜூலை 2 வரியில் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் தரக்கூடியது 17.