மின்சரிவு மறுதொடக்கம்: தானே அணைந்து எழும் ரவுட்டருக்கு ஒரு சொல்

கோமதி:

வணக்கம். ரவுட்டர் உதவிப் பக்கம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் 'பிரவுன் அவுட் ரீசெட்' என்று ஒரு பகுதி வருகிறது. உள்ளே போகும் மின்னழுத்தம் கண நேரம் சரிந்து, ரவுட்டர் தானே அணைந்து எழுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'குறைமின்னழுத்த மீட்டமைப்பு' என்று எழுதிப் பார்த்தேன், மனசுக்கு ஒட்டவில்லை.

எங்கள் சித்தி வீட்டு ரவுட்டரிலும் இப்போது இதே கோளாறுதான் என்று நினைக்கிறேன். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா விளக்கும் அணைகிறது, இரண்டு நிமிடத்தில் திரும்ப வருகிறது. சாயங்காலம் பிள்ளைகள் வீடியோ பார்க்கும்போது அதிகம். ஆனால் அடாப்டர் முனையில் மீட்டர் வைத்தால் 12.1 வோல்ட் காட்டுகிறது. காரணம் சரியாகப் புரிந்தால் சொல்லும் சரியாக அமையும்.

பாலு:

கோமதி, இது லோ வோல்டேஜ் பிரச்சினை. சாயங்காலம் தெருவில் எல்லோரும் ஏசி போடுவார்கள், லைன் இறங்கும். ஒரு ஸ்டெபிலைசர் போடச் சொல்லுங்கள். ரவுட்டரை டிவி அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள், சூடு ஆகாது. 'குறைமின்னழுத்தம்' நல்ல சொல்தானே, அப்படியே இருக்கட்டும்.

சண்முகம்:

பாலு சார் சூட்டைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆனால் ஸ்டெபிலைசர் இங்கே உதவாது. அடாப்டரின் ஒட்டுத்தாளைப் பாருங்கள், 100–240 வோல்ட் என்று இருக்கும். தெருவில் 180க்கு இறங்கினாலும் நல்ல அடாப்டர் 12 வோல்ட்டை விடாமல் தரும். சரிவு நடப்பது அடாப்டருக்கு அந்தப் பக்கம் அல்ல, இந்தப் பக்கம்.

மீட்டரில் 12.1 காட்டுவதை நம்பவேண்டாம். சுமையே இல்லாமல் அளந்தால் சாகக் கிடக்கும் அடாப்டரும் 12 காட்டும். அதற்குள் இருக்கும் மின்தேக்கி நம் வீட்டு மேல்தொட்டி மாதிரி. ஒரே நேரத்தில் நாலு குழாயைத் திறந்தாலும் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அதன் உள்திரவம் வற்றிவிட்டால், ரவுட்டர் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும் கணத்தில் கொடுக்க ஒன்றும் இருக்காது. வீடியோ ஓடும்போது ரவுட்டரின் வைஃபை ரேடியோ இடைவிடாமல் அனுப்புகிறது, சிப்பும் முழு வேகத்தில் ஓடுகிறது. அதனால்தான் சாயங்காலத்தில் அதிகம்.

அந்தச் சரிவு சில மில்லிநொடிதான் இருக்கும். சாதாரண மீட்டர் சராசரி காட்டுவதால் கண்ணில் படாது. பைக் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை வாங்கி அடாப்டர் முனையில் கொடுங்கள். கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டர் அதைத் தாங்க வேண்டும். பல்பு எரியும்போது அளந்து சொல்லுங்கள். அடாப்டரைத் திறக்க மட்டும் வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஏறிய மின்தேக்கி இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

மீனா:

எங்கள் வீட்டிலும் இதேதான்! ராத்திரி நெட் போய்விடும், சிவப்பு விளக்கு மினுக்கும், கொஞ்ச நேரத்தில் தானே வந்துவிடும். பல்பு சோதனை நானும் செய்யலாமா?

சண்முகம்:

மீனா அம்மா, உங்களுடையது வேறு. பவர் விளக்கு எரிந்துகொண்டே சிவப்பு மட்டும் மினுக்கினால் ஃபைபர் லைனில்தான் கோளாறு, ரவுட்டர் அணையவே இல்லை. அமைப்புப் பக்கத்தில் `Uptime` என்று ஒரு வரி இருக்கும். நெட் போய் வந்த பிறகும் அது பல நாள் காட்டினால் அடாப்டரைத் தொட வேண்டாம், லைன்காரரைக் கூப்பிடுங்கள். சில நிமிடம் மட்டும் காட்டினால் ரவுட்டர் அணைந்து எழுந்திருக்கிறது.

ரஞ்சன்:

யாழ்ப்பாணத்திலிருந்து ரஞ்சன். சண்முகம் ஐயாவிடம் ஒரு கேள்வி. அழுத்தம் விழுந்ததால் சிப் செத்து எழும்புகிறதா, அல்லது ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறதா? சொல் அதைப் பொறுத்தது.

சண்முகம்:

பிடித்துத்தான் நிறுத்துகிறது தம்பி. 3.3 வோல்ட்டில் ஓடும் சிப்புக்குப் பக்கத்திலோ அதற்குள்ளேயோ ஒரு காவல் சுற்று இருக்கும். 2.93 வோல்ட் என்பது பரவலாகப் போடும் எல்லை. அதற்குக் கீழே போனால் சிப் தப்புக் கணக்குப் போட ஆரம்பிக்கும் என்பதால், காவல் சுற்று முந்திக்கொண்டு அதை நிறுத்தி, அழுத்தம் சீரானதும் முதலிலிருந்து ஓடவிடும். நினைவகத்தில் இருந்த பதிவு அதோடு போய்விடும். பதிவுப் பக்கம் ஏன் அணைந்தது என்று எதுவும் சொல்லாமல் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிப்பது அதனால்தான்.

ரஞ்சன்:

நன்றி ஐயா. அப்படியென்றால் 'குறைமின்னழுத்தம்' பொருந்தாது. அது நீடிக்கிற நிலை. பாலு அண்ணாவுக்கு வந்தது போலவே படிக்கிற எல்லோருக்கும் தெரு லைன்தான் நினைவுக்கு வரும். ஒரு கணத்தில் விழுந்து எழும்புவதற்கு 'மின்சரிவு' பொருந்தும் என்று நினைக்கிறேன்.

'மீட்டமைப்பு' வேண்டவே வேண்டாம். ரவுட்டரின் பின்பக்கம் ஊசித்துளைக்குள் இருக்கும் பொத்தானையும் அப்படித்தான் எழுதுகிறோம். அதை அழுத்தினால் இணைப்புப் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து போகும். 'மின்சரிவு மீட்டமைப்பு' என்று எழுதினால் யாராவது அதையே தீர்வு என்று நினைத்து அழுத்துவார்கள். 'மின்சரிவு மறுதொடக்கம்' என்பது என் முன்மொழிவு.

பாலு:

ஏற்கிறேன். ஆனால் 'மறுதொடக்கம்' என்றால் நாம் தொடக்குவதா, அது தொடங்குவதா? 'அடக்கு', 'அடங்கு' போல 'மறுதொடங்கல்' என்றால் தானே நடப்பது தெளிவாகும்.

ரஞ்சன்:

இலக்கணப்படி அழகு. ஆனால் ஒரு மெய்யெழுத்து வித்தியாசத்தைக் கோளாறு தேடுகிறவர் கவனிப்பாரா?

கோமதி:

பல்பு சோதனை செய்தாயிற்று. சுமை இல்லாமல் 12.1, பல்பு எரியும்போது 8.7. பல்பு சீராக எரியாமல் துடிதுடித்தது. அதே 12 வோல்ட்டில், முனையின் நடு ஊசி நேர்மின் தானா என்று பார்த்து, 1.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கினோம். அணைவது நன்றாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

ரவுட்டரைக் கழற்றிப் பார்த்தேன். மின்முனைக்குப் பக்கத்தில் இரண்டு மின்தேக்கிகள், இரண்டிலும் 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று இருக்கிறது. ஒன்றின் தலை தட்டையாக இருக்கிறது. மற்றதன் தலையில் உள்ள சிலுவைக் கீறல் மேலே உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருக்கிறது.

சண்முகம்:

கிடைத்துவிட்டது! இரண்டையுமே மாற்றுங்கள், தட்டையாக இருப்பதும் அதே சூட்டில் கிடந்ததுதான். அதே 470, வோல்ட் 16 அல்லது 25, வெப்பம் 105 டிகிரி, 'லோ ஈஎஸ்ஆர்' வகை என்று கேட்டு வாங்குங்கள். பட்டை போட்ட பக்கம் எதிர்மின், பலகையில் திருப்பிப் போட்டால் வெடிக்கும். மாற்றிய பிறகு பாலு சார் சொன்னபடி அலமாரியிலிருந்து வெளியே வையுங்கள். 10 டிகிரி சூடு குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கோமதி:

கடைக்காரரிடம் கொடுத்து மாற்றியாயிற்று, இந்த வாரம் இன்னும் ஒருமுறைகூட அணையவில்லை. பக்கத்தில் 'மின்சரிவு மறுதொடக்கம்' என்று போடுகிறேன், பாலு சாரின் 'மறுதொடங்க'லை விளக்க வரியில் சேர்க்கிறேன். 'உப்பிய மின்தேக்கி' என்பதை அப்படியே வைக்கலாமா? ரஞ்சன், உங்கள் ஊரில் பாடநூலில் 'கொள்ளளவி' அல்லவா?

ரஞ்சன்:

ஆம், 'கொள்ளளவி'தான். இங்கே பழுது பார்க்கிறவர்கள் 'கப்பாசிட்டர்' என்பார்கள். 'உப்பிய' எல்லோருக்கும் புரியும், அதை மாற்ற வேண்டாம். பின்னால் வருவதில் எதை வைப்பது என்று மற்றவர்களும் சொல்லட்டும்.