பெரியவர் பேசும்போது நெறியாளர் எப்படிக் குறுக்கிடுவது?

தெம்பனிஸ் செல்வி: அடுத்த மாதம் எங்கள் சமூக மன்றத்தில் வீட்டில் தமிழ் பேசுவது பற்றிக் கலந்துரையாடல். நான்கு பேச்சாளர்கள், ஒரு மணி நேரம், நான்தான் நெறியாளர். ஒருவர் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். மைக் கையில் வந்தால் இறக்கமாட்டார். மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது?

ஜூரோங் பாலா: மணி வையுங்கள். பள்ளி விவாதப் போட்டியில் மணி அடித்ததும் பிள்ளைகள் முடிக்கவில்லையா? ஆசிரியரானாலும் விதி ஒன்றுதான்.

ஈசூன் மாலதி: போட்டியில் நேரம் தாண்டினால் புள்ளி போகும், அதனால் நிறுத்துகிறார்கள். இங்கே ஐயாவுக்கு என்ன போகப்போகிறது? மணியையும் மீறிப் பேசினால் அப்புறம் செல்வியின் கையில் ஒன்றுமே இல்லை. தவிர, மணி சபை முழுக்கக் கேட்கும். நேரம் எழுதிய அட்டையைக் காட்டினால் அவருக்கு மட்டும் தெரியும்.

ஆனால் அட்டையை நீங்கள் பிடிக்காதீர்கள். பேச்சாளர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். முன்வரிசை நடுவில் ஒரு தொண்டூழியரை உட்காரவையுங்கள். ‘2 நிமிடம்’, ‘முடிக்கலாம்’ என்று இரண்டு அட்டை போதும். அவர் தலையசைக்கும்வரை அட்டையை இறக்கக்கூடாது.

ஒரு வாரம் முன்பே ஐயாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: “ஐயா, உங்களுக்கு 7 நிமிடம். அட்டையைத் தாண்டினால் நான் நடுவில் பேசுவேன், அனுமதி கொடுங்கள்.” முன்பே சம்மதித்தவர் மேடையில் கோபிப்பது குறைவு.

பிடோக் ராஜன்: எனக்கு இது ஒப்பவில்லை. பாதிக் கூட்டம் அவரைக் கேட்கத்தான் வரும். கற்றுக்கொடுத்தவரிடம் அட்டையை நீட்டுவதா? கொஞ்சம் கூடுதலாகப் பேசட்டுமே.

ஈசூன் மாலதி: கணக்குப் பாருங்கள். அறிமுகம் 3 நிமிடம், நால்வருக்கும் தலா 7, தங்களுக்குள் பேசிக்கொள்ள 8, கேள்விகளுக்கு 18, நிறைவுக்கு 3. ஐயா 15 நிமிடம் எடுத்தால் 8 போயிற்று. “அவருக்குக் கொடுத்தீர்களே” என்று அடுத்தவரும் நீட்டுவார். கடைசியாகப் பேசுபவர் பெரும்பாலும் இளையவர். தயாரித்து வந்ததில் பாதியை மேடையிலேயே வெட்டவேண்டியிருக்கும். அந்தப் பிள்ளைக்கும் மரியாதை உண்டு, ராஜன் அண்ணே. கூட்டம் ஐயாவுக்காகத்தான் வருகிறதென்றால் அவருக்குத் தனி உரை ஏற்பாடு செய்யவேண்டும்.

செங்காங் நூர்: நாங்கள் ஸூமில் நடத்தும்போது முன்பே சொல்லிவிட்டு மியூட் செய்துவிடுவோம். பிரச்சினையே வந்ததில்லை.

தெம்பனிஸ் செல்வி: இது நேரில் நடப்பது, நூர். மாலதி அக்கா, அட்டையைப் பார்த்த பிறகும் தொடர்ந்தால்? வாயைத் திறந்து என்ன சொல்ல?

ஈசூன் மாலதி: முதலில் உடம்பால் சொல்லுங்கள். முன்னால் சாய்ந்து மைக்கை வாயருகே கொண்டுபோங்கள். பலர் அதிலேயே முடித்துவிடுவார்கள். முடிக்காவிட்டால், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ‘ஐயா’ என்று அழைத்து, அவர் கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். “ஐயா, தமிழில் கேட்டால் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது என்றீர்களே, அதை இங்கே இருக்கும் இளம் தாயிடமே கேட்போம்.” சொல்லி முடிப்பதற்குள் முகத்தை அந்தத் தாய் பக்கம் திருப்பிவிடுங்கள். ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தால், இன்னும் கேட்கிறீர்கள் என்று நினைத்துத் தொடர்வார். “மன்னிக்கவும், நேரமாகிவிட்டது” என்றால் “ஒரே நிமிடம்” என்பார், அது ஐந்து நிமிடமாகும்.

பிடோக் ராஜன்: சரி, அவர் சொன்னதை எடுத்து அடுத்தவரிடம் கொடுப்பதில் மரியாதை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைக் கடைசியில் பேசவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

ஈசூன் மாலதி: கடைசியில் விட்டால் கேள்வி நேரத்தைத் தின்றுவிடுவார். முதலில் விட்டால் அவர் எடுக்கும் நேரமே மற்றவர்களுக்கும் அளவாகிவிடும். நேரத்துக்கு முடிக்கக்கூடிய ஒருவரை முதலில் பேசவிட்டு, ஐயாவை இரண்டாவதாக வையுங்கள்.

ஜூரோங் பாலா: கூட்டத்தில் கேள்வி கேட்பவர்கள்தான் பேச்சாளரைவிட நீளம். சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், நெறியாளர் வாசிக்கட்டும்.

ஈசூன் மாலதி: சீட்டில் கேட்டவருடைய குரல் போய்விடும், திருப்பிக் கேட்கவும் முடியாது. மைக்கைத் தொண்டூழியரே பிடித்துக்கொண்டு நீட்டட்டும், கையில் கொடுக்கவேண்டாம். கேட்பவர் கதை சொல்ல ஆரம்பித்தால் “உங்கள் கேள்வி யாருக்கு?” என்று நடுவிலேயே கேளுங்கள். ஒரு கேள்விக்கு ஒருவர்தான் பதில் சொல்லவேண்டும். நால்வரும் சொன்னால் 18 நிமிடத்தில் மூன்று கேள்விகூடத் தாண்டாது.

ஜூரோங் பாலா: கூச்சப்படுபவர்கள் கையே தூக்கமாட்டார்கள். சத்தமாகப் பேசுபவர்களுக்கு மட்டும்தான் மைக் போகும். நான் சீட்டு பக்கம்தான்.

பிடோக் ராஜன்: என் வயதுக்காரர்களுக்கு அரங்கின் மங்கிய வெளிச்சத்தில் சீட்டு எழுதுவது சிரமம், பாலா.

தெம்பனிஸ் செல்வி: இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன், முதல் இரண்டு கேள்வி சீட்டிலிருந்து. ஐயாவுக்கு இன்று மாலை பேசுகிறேன்.