கலைச்சொல்: ‘ஆல்டர்நேட் டேஸ்’, ‘வாரம் மூன்று முறை’

எழில்:
வணக்கம். ஒரு நாள்காட்டிச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஆல்டர்நேட் டேஸ்’ என்பதற்கு முன்பு ஒருவர் ‘மாற்று நாட்கள்’ என்று போட்டிருக்கிறார். எனக்கு அது ‘இந்த நாளுக்குப் பதில் வேறு நாள்’ என்றுதான் படுகிறது. ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்றால் பொருள் சரி, ஆனால் பொத்தானில் அடங்காது. ‘வாரம் மூன்று முறை’ என்ற இன்னொரு பொத்தானும் உண்டு. இரண்டுக்கும் குறுகிய சொல் வேண்டும்.

குமரன்:
இரண்டும் ஒன்றுதானே? ஆல்டர்நேட் டேஸ் என்றால் திங்கள், புதன், வெள்ளி. தவறினால் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு விடுமுறை. எந்தப் பயிற்சி வகுப்பில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ‘மும்முறை’ என்று ஒரே சொல் போதும்.

தவமணி:
குமரன் தம்பி, வகுப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஞாயிறு மூடியிருக்கும் இடத்தில் அந்த இரண்டு தொகுதிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் ஞாயிறும் கணக்கில் வந்துவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும். ஏழு ஒற்றைப்படை எண் என்பதுதான் காரணம். திங்களில் தொடங்கி ஒருநாள் விட்டு எண்ணிப் பாருங்கள்: முதல் வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு. அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி. மூன்றாம் வாரம்தான் மறுபடி திங்கள் வரும். 14 நாளில் ஏழு முறை. வாரம் மூன்று என்றால் 14 நாளில் ஆறுதான்.

இடைவெளியும் வேறு. ஒருநாள் விட்டு என்றால் எப்போதும் 48 மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி என்றால் வெள்ளியிலிருந்து திங்களுக்கு 72 மணி நேரம் ஆகிவிடும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அந்த நீண்ட இடைவெளிதான் கடினமானது. உடலில் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும். அங்கே ‘இரண்டும் ஒன்று’ என்று எழுத என் கை வராது.

செயலியின் உள்ளேயும் இவை இரண்டு வெவ்வேறு விதிகள்தான், எழில்:

```
FREQ=DAILY;INTERVAL=2
FREQ=WEEKLY;BYDAY=MO,WE,FR
```

முதல் விதிக்குத் தொடக்கத் தேதி இல்லாமல் எந்தக் கிழமை என்று சொல்லவே முடியாது. இரண்டாவதில் கிழமையே விதி. ஓர் அட்டவணையைப் படிக்கும்போதும் இதைத்தான் பார்ப்பேன்: தொடக்கத் தேதி இருக்கிறதா, கிழமை இருக்கிறதா என்று. அதனால் முதலாவதற்கு ‘நாள்விட்டு’, இரண்டாவதற்கு ‘முக்கிழமை’ என்பது என் பரிந்துரை.

பொன்னையா:
எனக்கு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். மறக்காமல் இருக்க மாத்திரைப் பெட்டியில் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு அறைகளில் போட்டு வைத்தேன். வாரா வாரம் அதையே நிரப்பினேன். ஞாயிறும் போட்டேன், மறுநாள் திங்களும் போட்டேன். மூன்று வாரம் கழித்து மகள்தான் கண்டுபிடித்தாள். இப்போது ஒற்றைப்படைத் தேதிகளில் போடுகிறேன். இது சரிதானே அம்மா?

தவமணி:
ஐயா, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 31 நாள் உள்ள மாதத்தில் 31ஆம் தேதிக்கு அடுத்த நாளே 1. இரண்டும் ஒற்றைப்படை, அதனால் மறுபடி அடுத்தடுத்த நாளில் விழும். நாள்காட்டியில் ஒரு தேதியில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். மாதம் மாறினாலும் எண்ணிக்கையை விடாதீர்கள். வாரத்தில் மூன்று கிழமை என்று நிலையாக வைத்துக்கொள்ளலாமா என்பதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். சில மருந்துக்குப் பரவாயில்லை, சிலவற்றுக்கு ஆகாது.

சிவமலர்:
‘முக்கிழமை’ வேண்டாம் அக்கா. ஈழத்துப் பேச்சில் கிழமை என்றால் வாரம். ‘ரெண்டு கிழமையாலே வாறன்’ என்றால் இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று பொருள். முக்கிழமை என்று பார்த்தால் நாங்கள் மூன்று வாரம் என்றே வாசிப்போம்.

எழில்:
இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ‘மும்முறை’யும் சிக்கல்தான், ஒரே நாளில் மூன்று தடவையா என்று கேட்பார்கள். ‘வாரம் 3 நாள்’ என்றே வைத்து, பக்கத்தில் தி, பு, வெ என்று தேர்ந்த நாட்களைக் காட்டுகிறேன். ‘நாள்விட்டு’ பொத்தானின் கீழே தொடக்கத் தேதி கட்டாயம் கேட்கும்.

குமரன்:
14 நாளையும் எழுதிப் பார்த்தேன், தவமணி அம்மா சொன்னது சரி. ஆனால் ‘நாள்விட்டு’ அரைகுறையாக நிற்கிறதே, எத்தனை நாள் விட்டு என்று கேள்வி வராதா? ‘ஒன்றுவிட்ட நாள்’ எப்படி?

சிவமலர்:
ஒன்றுவிட்ட என்றதும் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் நினைவுக்கு வருகிறார். ‘ஒருநாள்விட்டு’ என்று சேர்த்து எழுதினால் பொத்தானில் அடங்குமா, எழில்?

எழில்:
கைபேசியில் ஓர் எழுத்து வெட்டுப்படுகிறது. எழுத்தளவைக் குறைத்துப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்.