ஆண்டு விழா நிரலை மேடைக் குழுவுக்கு நிமிடக் கணக்கில் பிரிக்க உதவுங்கள்

வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டு விழா. நான்கு பக்க நிரலை மைக், லைட், திரை பார்ப்பவர்களுக்காக நிமிடவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நிரலில் 6.30 வரவேற்பு நடனம், 6.35 தலைமை உரை. பாட்டே 4 நிமிடம் 40 விநாடி. அப்புறம் 24 பிள்ளைகள் இறங்கி, போடியமும் மைக்கும் வர 2 நிமிடம் ஆகிறது. ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அதனால் உரையை 6.37க்குத் தள்ளி, திரையை மூடித் தொகுப்பாளரை முன்னால் பேச வைக்கிறேன்.

சிக்கல் உரையில்தான். 10 நிமிடம் என்று போட்டது 20 ஆனால், கீழே உள்ள எல்லா நேரமும் தப்பாகிவிடும். நேரத்தோடு, "நன்றி, வணக்கம் என்றதும் லைட்டை அணை" என்று அடையாளச் சொல்லையும் எழுதினால் போதுமா? எந்த நிகழ்ச்சியைச் சுருக்கலாம் என்பதையும் அதே தாளில் குறிப்பீர்களா? மேடை வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.