உதவி: தம்பிக்கு விர்ச்சுவல் மெமரி பற்றி எழுதிய கடிதம் சரியா? பேஜ் ஃபைலைக் கூட்டியும் கம்ப்யூட்டர் நின்று நின்றுதான் ஓடுகிறது

கும்பகோணம் அக்கா:

மன்னார்குடியில் என் சித்தி மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். இப்போது சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு நேரம். ஒவ்வொரு விவசாயிக்கும் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நான்கையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். காலையில் ஓரளவு ஓடுகிற கம்ப்யூட்டர், பத்துப் பேர் முடிவதற்குள் படுத்துவிடுகிறது. ஸ்கேன் மென்பொருளிலிருந்து பிரவுசருக்கு மாறினாலே வெள்ளைத் திரைதான். வரிசையில் நிற்பவர்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று தவிக்கிறார்கள்.

விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய 5400 சுற்று ஹார்டு டிஸ்க். யாரோ சொன்னார்கள் என்று பேஜ் ஃபைலை 16 ஜிபி ஆக்கிவிட்டான். "இப்ப மொத்தம் 20 ஜிபி மெமரி ஆச்சே அக்கா, அப்புறம் ஏன் நிக்குது?" என்கிறான். கடை நேரத்தில் போனில் சொன்னால் அவன் மனதில் நிற்காது. எழுதிக் கொடுத்தால் ராத்திரி நிதானமாகப் படிப்பான். எழுதியது இது:

> அன்புள்ள தம்பி,
>
> தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் உட்கார்ந்து நீ எழுதுவதாக வைத்துக்கொள். உன் முன்னால் ஒரு சின்ன மேஜை. உள்ளே பெரிய நூலகம். மேஜைதான் ராம், நூலகம்தான் டிஸ்க். மேஜையில் இருக்கிற தாளை உடனே படிக்கலாம். இல்லாத தாளைக் கேட்டால் நூலகர் உள்ளே போய் எடுத்துவர வேண்டும். மேஜை நிறைந்திருந்தால், கொஞ்ச நேரமாக நீ தொடாத ஒரு தாளை அவர் முதலில் உள்ளே கொண்டுபோய் வைப்பார், பிறகுதான் புதியது வரும். எந்தத் தாள் மேஜையில், எது அலமாரியில் என்று அவரிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. நீ தாளின் எண்ணைச் சொன்னால் போதும், அது எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் மேஜை சின்னதானாலும் நூலகம் முழுவதும் உன் முன்னால் இருப்பதுபோல் நீ வேலை செய்யலாம். இதுதான் விர்ச்சுவல் மெமரி. நீ பேஜ் ஃபைலைக் கூட்டியது, நூலகத்தில் இன்னும் நாலு அலமாரி போட்ட மாதிரி. மேஜை அதே அளவுதான்.

இதில் தவறு இருக்கிறதா? நூலகம் என்பது பேஜ் ஃபைல் மட்டுமா, மொத்த டிஸ்க்கா என்பதில் எனக்கே தெளிவில்லை.

திருவாரூர்க்காரன்:

கடிதம் நன்றாக இருக்கிறது. நூலகத்துக்கு நடப்பதுதான் தாமதம் என்றால் வழி எளிது. பேஜ் ஃபைலையே எடுத்துவிடச் சொல்லுங்கள். நூலகர் நடக்கவே வேண்டாம், எல்லாம் ராமிலேயே இருக்கும். என் கம்ப்யூட்டரில் பேஜ் ஃபைல் இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒரு தொல்லையும் இல்லை.

பேராவூரணி:

என் போனில் "கூடுதல் ராம் 4 ஜிபி" என்று ஒரு வசதி காட்டுகிறது. அதுவும் இதுதானா? போட்ட பிறகு படங்கள் சேமிக்க இடம் குறைந்துவிட்டது.

வெண்ணாற்றங்கரை:

பேராவூரணி, ஆமாம், போனின் சேமிப்பிடத்திலிருந்துதான் அதை எடுக்கிறது. இடம் போதவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அக்கா, உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. மேஜையில் இரண்டு வகைத் தாள்கள் உண்டு. ஒன்று, நூலகத்தின் அலமாரியிலிருந்து வந்த தாள். பிரவுசரின் நிரல் அப்படிப்பட்டது. அதன் மூலம் டிஸ்க்கில் அப்படியே இருப்பதால், இடம் வேண்டுமானால் மேஜையில் உள்ளதை எழுதி வைக்காமலே விட்டுவிடலாம். இன்னொன்று, தம்பி தானே எழுதிய தாள். இப்போது ஸ்கேன் செய்து இன்னும் சேமிக்காத படம், பாதி நிரப்பிய படிவம் எல்லாம் இந்த வகை. இதற்கு அலமாரியில் இடமே கிடையாது. தூக்கிப் போட்டால் போச்சு. இவற்றை எழுதி வைக்க நூலகர் ஒதுக்கிய தனி அறைதான் பேஜ் ஃபைல். ஆக நூலகம் என்பது மொத்த டிஸ்க், பேஜ் ஃபைல் அதில் ஓர் அறை. கடிதத்தில் இந்த ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள்.

திருவாரூர்க்காரர் சொல்வது இங்கேதான் இடிக்கிறது. அந்த அறையைப் பூட்டினால் தம்பி எழுதிய தாள் எல்லாம் மேஜையிலேயே குவியும். இடத்துக்காக நூலகர் பிரவுசரின் நிரலைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து வைப்பார், மறுபடி கொண்டுவருவார். நடை குறையாது. ஒரு கட்டத்தில் மெமரி இல்லை என்று மென்பொருளே மூடிக்கொள்ளும், பாதி நிரப்பிய படிவமும் போகும். உங்களிடம் ராம் 16 ஜிபியோ அதற்கு மேலோ இருக்கலாம். 4 ஜிபியில் இதைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் தம்பிக்குச் சொல்லுங்கள். ஒரு தாள் என்பது 4 கேபி. ஸ்கேன் மென்பொருளிலிருந்து பிரவுசருக்கு மாறும்போது 300 எம்பி திரும்ப வர வேண்டும் என்றால் ஏறக்குறைய 77,000 தாள்கள். அந்தப் பழைய டிஸ்க்கில் ஒவ்வொரு நடைக்கும் சுமார் 15 மில்லிசெகண்ட். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தால் 19 நிமிடம். பக்கத்துத் தாள்களை விண்டோஸ் கட்டாக எடுத்துவருவதால்தான் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிறது. எஸ்எஸ்டியில் ஒரு நடை 0.1 மில்லிசெகண்ட் என்று வைத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாலும் 8 விநாடிதான்.

நான் ஊகித்துச் சொல்வதைவிட அளந்து பார்ப்பது நல்லது. கம்ப்யூட்டர் நிற்கிற நேரத்தில் Win+R அழுத்தி இதைக் கொடுக்கச் சொல்லுங்கள்:

```
resmon
```

Memory பக்கத்தில் Hard Faults/sec எவ்வளவு என்று பாருங்கள், நூலகர் விநாடிக்கு எத்தனை முறை நடக்கிறார் என்பது அது. Task Manager-இல் Committed எவ்வளவு என்றும் பார்த்து எழுதுங்கள், மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கிய மெமரி அது. ஸ்கேன் எத்தனை dpi?

கும்பகோணம் அக்கா:

பார்த்துச் சொன்னான். Committed 7.4/19.8 GB. Hard Faults/sec நூறுக்கு மேலேயே நிற்கிறதாம், டிஸ்க் 100%. ஸ்கேன் 600 dpi, கலரில். ஆனால் ஒவ்வொரு கோப்பும் 2 எம்பிதானே?

வெண்ணாற்றங்கரை:

2 எம்பி என்பது சுருக்கிச் சேமித்த அளவு. மென்பொருளில் திறந்திருக்கும்போது சுருக்கம் இல்லை. ஏ4 தாள் 600 dpi-யில் 4,960 × 7,016 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஆக 104 எம்பி. ஒருவருக்கு நான்கு தாள் என்றால் 416 எம்பி. பத்துப் பேருடைய ஸ்கேனை மூடாமல் வைத்தால் 4 ஜிபி. ராம் முழுவதும் அதற்கே போதாது. பத்துப் பேருக்குள் நிற்பது இதனால்தான்.

200 dpi போதும், எழுத்து தெளிவாகவே படிக்கலாம். தாளுக்கு 12 எம்பிக்கும் குறைவுதான். ஒவ்வொருவர் முடிந்ததும் படங்களை மூடச் சொல்லுங்கள்.

திருவாரூர்க்காரன்:

எனக்கு 16 ஜிபிதான், சரி. ஆனால் ராம் நிறையாதபோதும் விண்டோஸ் பேஜ் ஃபைலில் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது வீண் வேலைதானே?

வெண்ணாற்றங்கரை:

முழுக்க வீண் இல்லை. வெகு நேரம் தொடாத தாளை முன்கூட்டியே எழுதி வைத்தால், அவசரத்தில் அந்த இடத்தை உடனே காலி செய்யலாம். எவ்வளவு முன்கூட்டி என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு.

கும்பகோணம் அக்கா:

200 dpi-க்கு மாற்றிவிட்டான். இன்று மத்தியானம் வரை Committed 4.6-ஐத் தாண்டவில்லை, பிரவுசருக்கும் சட்டென்று மாறுகிறது. ஆனால் படங்களை மூடினாலும் ஆளுக்கு ஆள் அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்கிறான். இறங்குவதே இல்லையாம்.

வெண்ணாற்றங்கரை:

அப்படியானால் ஸ்கேன் மென்பொருள் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் வைத்திருக்கலாம். Task Manager-இல் Details பக்கத்துக்குப் போய், தலைப்பில் வலது கிளிக் செய்து Select columns வழியாக Commit size நெடுவரிசையைச் சேர்க்கட்டும். ஒவ்வொருவர் முடிந்ததும் ஸ்கேன் மென்பொருளின் எண்ணைக் குறித்துவரட்டும். அது மட்டும் ஏறினால், மத்தியானம் ஒருமுறை மூடித் திறந்தால் போதும். பிரவுசர் ஏறினால் வேறு கதை, அந்த எண்களோடு வாருங்கள். கூடவே உள்ளே இரண்டாவது ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.