புதுப்பிப்பு: மூன்று வகுப்புக்கு ஒரே கணக்குப் பாடம்

நான் கேட்டிருந்தது: ‘1, 3, 5 மூன்று வகுப்பும் ஒரே அறையில், டீச்சர் நான் ஒருத்திதான். 40 நிமிடக் கணக்குப் பாடத்தை எப்படிப் பிரிப்பது?’

நடத்திப் பார்த்தாச்சு. மூத்த டீச்சர் ஒருவர் சொன்னபடி எல்லாருக்கும் ஆளுக்கு 47 புளியங்கொட்டை. ஒன்றாம் வகுப்பு பத்துப் பத்தாகக் கூறு வைத்து எண்ணியது, மூன்றாம் வகுப்பு ஆறாறாகப் பிரித்து ஏழு கூறு, மிச்சம் ஐந்து என்றது, ஐந்தாம் வகுப்பு நோட்டில் 47 ÷ 6 வகுத்து, 7 × 6 + 5 போட்டுச் சரிபார்த்தது. நான் உட்கார்ந்தது மூன்றாம் வகுப்போடு, மீதி வருவது அவர்களுக்குத்தான் புதுசு.

‘பெரிய பிள்ளைகளைச் சொல்லிக்கொடுக்க விடுங்க’ என்பது பாதி சரி. அவர்கள் விடையையே சொல்லிவிடுகிறார்கள், அதனால் ‘எப்படி எண்ணினே?’ என்று கேட்க மட்டும் அனுமதி. வாரக் கால அட்டவணை அனுப்பிய சாருக்கு நன்றி, நான் கேட்டது ஒரு பாடவேளைக்கு சார். ஒன்றாம் வகுப்புதான் சீக்கிரமே முடித்துவிட்டுக் கொட்டையைச் சுண்டி விளையாடுகிறது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.